சாமி வந்த நொடியில் டயல் எங்கே நிற்க வேண்டும்

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்குப் படம் எடுப்பது வேறு, கோயில் திருவிழாவான கொடைக்குப் படம் எடுப்பது வேறு. கல்யாணத்தில் முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே போட்டிருக்கும். தாலி கட்டப் போகிறார்கள் என்றால் மேளக்காரர் கெட்டிமேளம் தட்டிச் சொல்லிவிடுவார். சுடலைமாடன் கொடையில் சாமி எப்போது வரும் என்று சாமியாடுகிற கோமரத்தாடிக்கே தெரியாது. வில்லுப்பாட்டில் கதை ஓடிக்கொண்டிருக்கும். உடுக்கைச் சத்தம் கொஞ்சம் ஏறும். கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்றவர் திடீரென்று துள்ளி நடுவே வந்துவிடுவார். அந்த முதல் துள்ளல்தான் படம். அதன் பிறகு அரை மணி நேரம் ஆடினாலும் அந்த முகம் திரும்ப வராது.

அந்த நேரத்தில் மெனுவுக்குள் போய் எதையும் மாற்ற முடியாது. அளவுகளை முன்கூட்டியே பதிந்து வைக்க கேமரா டயலில் இருக்கும் C1, C2, C3 என்ற மூன்று இடங்களும், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் இரண்டு பொத்தான்களும் இதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் பல பேர் கேமராவில் அந்த மூன்று இடங்களும் வாங்கியபோது இருந்த மாதிரியே சும்மா கிடக்கின்றன. வேறு சிலர் யாரோ சொன்ன அளவுகளை அப்படியே பதிந்து வைத்திருக்கிறார்கள். அளவுகள் ஊருக்கு ஊர், லைட்டுக்கு லைட் மாறும். எதை எந்த இடத்தில் வைக்க வேண்டும், ஏன் வைக்க வேண்டும் என்ற கணக்கு மாறாது. அந்தக் கணக்கை ஒரு கொடை ராத்திரியை வைத்தே சொல்கிறேன். நான் வைத்திருப்பது கேனான் ஆர்6. மெனுப் பெயர்களை அதிலிருந்தே தருகிறேன்.

ஒரு கொடையில் மூன்று விதமான வெளிச்சம் உண்டு. முதலாவது வில்லுப்பாட்டு மேடை. எல்இடி ஃப்ளட் லைட்டும் ட்யூப் லைட்டும் நேராக அடிக்கும். பாடுகிறவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார். கையிலிருக்கும் வீசுகோலும் முகமும்தான் அசையும். இரண்டாவது கோயில் முன்னால் சாமியாட்டம். வெளிச்சம் அதே வெளிச்சம்தான், ஆனால் ஆடுகிறவர் ஒரு நொடி லைட்டுக்கு நேரே இருப்பார், அடுத்த நொடி பந்தல்கால் நிழலுக்குள் போய்விடுவார். மூன்றாவது நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை முடிந்து சாமி வேட்டைக்குக் கிளம்புவது. தீப்பந்தம் மட்டும்தான் வெளிச்சம். பல ஊர்களில் சுடுகாட்டுக்குப் போகும் சாமிக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது. நாமும் ஊர் எல்லையில் நின்றுவிட வேண்டும். அதனால் பந்தத்தோடு கிளம்பி நம்மைக் கடந்து போகும் அந்த இருபது முப்பது அடிதான் நமக்குக் கிடைக்கும்.

முதலில் மேடை. இங்கே ஷட்டர் வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, கரண்ட்தான் அதை முடிவு பண்ணுகிறது. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட்டும் விலை குறைந்த எல்இடியும் அதற்கு இரட்டிப்பாக, நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100 நொடி திறந்து வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழு ஏற்ற இறக்கம் விழுந்துவிடும்; படத்துக்குப் படம் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். 1/50 வைத்தால் இரண்டு ஏற்ற இறக்கம். இடையில் 1/160, 1/250 என்று வைத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்த படம் மங்கலாகவும் வரும், நிறமும் மாறும். கொடையில் பெரும்பாலும் ஜெனரேட்டர் ஓடும். அதன் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே போனால் 50 ஹெர்ட்ஸ் சரியாக நிற்காது. அப்படித் தெரிந்தால் நான் 1/50-க்கு இறங்கிவிடுவேன், பாடுகிறவர் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து எடுப்பேன்.

ஆக மேடைக்கு 1/100, எஃப்2.8, ஐஎஸ்ஓ 3200. இதை நான் C-யில் பதிவதில்லை. டயலில் சாதாரண M-இல்தான் வைக்கிறேன். ராத்திரியில் பாதி நேரம் நான் நிற்கப் போவது இங்கேதான். பாடுகிறவர் மாறுவார், லைட்டை யாராவது திருப்புவார்கள், நானும் அளவுகளை அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டே இருப்பேன். அப்படி மாற்றிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு M போதும். மாறவே கூடாத அளவுகளுக்குத்தான் C.

C1 சாமியாட்டத்துக்கு. துள்ளுகிற ஆளை நிறுத்த 1/100 போதாது. கையும் சலங்கையும் கலைந்து போகும். 1/400 வைக்கிறேன். 1/100-இலிருந்து 1/400 போனால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதை ஐஎஸ்ஓதான் ஈடு கட்ட வேண்டும்: 3200 நாலு மடங்காகி 12800. ஆனால் ஆடுகிறவர் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் மாறி மாறிப் போவதால் ஐஎஸ்ஓவை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டோவில் விட்டு, உச்ச அளவை மட்டும் 12800 என்று கட்டி வைக்கிறேன். ஃபோகஸ் `SERVO`, ஃபோகஸ் ஏரியா `Zone AF`, டிரைவ் தொடர் படம்.

1/400-க்குப் போனதும் லைட் துடிப்பதன் தொல்லை வந்துவிடும். ஆர்6-இல் 1/250-க்கு மேல் வேகம் போனால் ஷட்டர் முழுச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஓர் இடைவெளி மேலிருந்து கீழாக ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குள் லைட் ஏறி இறங்கினால் ஒரே படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் இன்னொரு பக்கம் பழுப்பாகவும் பட்டை விழும். இதற்கு கேமராவில் `Anti-flicker shoot.` என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. லைட் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து ஷட்டரை விடும். அது 100, 120 ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும்தான் கண்டுபிடிக்கும். கலர் சீரியல் பல்பு, டான்ஸ் லைட் மாதிரி வேறு வேகத்தில் துடிப்பவை அதற்குப் பிடிபடாது. அது ஓடும்போது தொடர் படத்தின் வேகமும் கொஞ்சம் குறையலாம். சாமியாட்டத்துக்கு அந்த விலை கொடுக்கலாம். மேடைக்குத் தேவையில்லை, அங்கே 1/100-ஏ வேலையை முடித்துவிடுகிறது. ஒன்றில் ஆன், ஒன்றில் ஆஃப். இதை ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குள் போய் மாற்றுவது நடக்கிற காரியமா? C1-க்குள் பதிந்துவிட்டால் டயலைத் திருப்பும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடும். ஷட்டர் மெக்கானிக்கலாகவோ எலக்ட்ரானிக் முதல் திரையாகவோ இருக்க வேண்டும். சத்தம் வரக் கூடாதென்று முழு எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் இந்த ஏற்பாடு வேலை செய்யாது, பட்டையும் பல மடங்காகும்.

C2 தீப்பந்தத்துக்கு. C1-இல் செய்ததற்கு நேர் எதிரானதை இங்கே செய்ய வேண்டும் என்பதால்தான் இதற்குத் தனி இடம். இங்கே ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கவே கூடாது. பந்தம் கேமராப் பக்கம் திரும்பும்போது அந்தச் சுவாலையைப் பார்த்து மீட்டர் ஐஎஸ்ஓவைக் கீழே இறக்கிவிடும், முகம் கரியாகிவிடும். பந்தம் உடம்புக்குப் பின்னால் போனதும் ஏற்றிவிடும்; பின்னால் இருக்கும் இருட்டெல்லாம் சாம்பல் நிறமாகக் குருணை குருணையாக வரும். ஆனால் முகத்துக்கும் பந்தத்துக்கும் உள்ள தூரம் கை நீளம்தான், அது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே முகத்தில் விழும் வெளிச்சமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். 1/125, எஃப்2.8, ஐஎஸ்ஓ 6400 என்று மூன்றையும் கட்டிவிடுகிறேன். எண்ணெய் அதிகம் குடித்த பெரிய பந்தமாக இருந்தால் 3200 போதும். சுவாலை வெள்ளையாக வெடித்துப் போவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சுவாலைக்கு அளவு பார்த்தால் முகம் கிடைக்காது.

வெள்ளைச் சமநிலையையும் C2-இல் கட்டி வைக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒரு படத்தில் மஞ்சள் தூக்கலாகவும் அடுத்ததில் அதையே திருத்தி வெளிறியும் வரும். 2800 கெல்வின் என்று வைத்தால் பந்தத்தின் செம்மஞ்சள் அப்படியே நிற்கும், தோல் நிறமும் படத்துக்குப் படம் மாறாது. ராவில் எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் விடியும்போதே ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நாலு படம் வேண்டும் என்று விழாக் கமிட்டியில் கேட்பார்கள். ஜேபெக்கிலேயே நிறம் சரியாக இருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம்.

C3 குடும்பப் படத்துக்கு. கொடைக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் வந்திருப்பார்கள். “அண்ணாச்சி, எல்லாரும் ஒண்ணா இருக்கோம், ஒரே ஒரு படம்” என்று எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். எஃப்5.6, 1/160, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ். அவ்வளவுதான். பீடத்துக்கு முன்னாலும் சாமியாடுகிறவர் முகத்திலும் நான் ஃபிளாஷ் அடிப்பதில்லை. அதனால் ஃபிளாஷுக்கான அளவு C3-இல் மட்டும் இருப்பது எனக்கு ஒரு பாதுகாப்பும்கூட.

பதிவது சுலபம். முதலில் டயலை M-இல் வைத்து, C1-க்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு குறடு போட்ட மெனுப் பகுதியில் இதைத் தேட வேண்டும்:

```
Custom shooting mode (C1-C3)
  Register settings  →  C1  →  OK
  Auto update set.   →  Disable
```

இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. `Auto update set.` என்பதை `Enable` பண்ணினால், C1-இல் நின்றுகொண்டு நீங்கள் மாற்றுவது எல்லாம் C1-க்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். கேட்பதற்கு வசதி மாதிரித் தெரியும். ஆனால் சாமியாட்டத்தின் நடுவே யாரோ ஒரு ஃபோகஸ் லைட்டைப் போட்டார்கள் என்று ஷட்டரை 1/1000-க்கு ஏற்றினால், அடுத்த தடவை C1-க்கு வரும்போதும் 1/1000தான் இருக்கும். `Disable`-இல் இருந்தால் டயலை ஒரு தடவை வெளியே திருப்பி உள்ளே கொண்டுவந்தால் போதும், பதிந்த அளவு திரும்ப வந்துவிடும். பதற்றமான நேரத்தில் எதை மாற்றினோம் என்று யோசிக்க வேண்டியதில்லை. கண்ணை எடுக்காமல் ஒரு கிளிக் அந்தப் பக்கம், ஒரு கிளிக் இந்தப் பக்கம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. என்னோடு கேமரா பிடிக்க வரும் தம்பி ஒருநாள் கேட்டான்: “அண்ணாச்சி, C1-ல ஐஎஸ்ஓ உச்சத்த கூட்டி வச்சேன். கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டுப் பார்த்தா பழசுக்கே போயிட்டு. கேமரா கெட்டுப் போச்சா?” கேமரா கெடவில்லை. சும்மா நிற்கும்போது தானாக அணைந்துவிட்டது. தானாக அணைந்து எழுந்தாலும், சுவிட்சை அணைத்துப் போட்டாலும், `Disable`-இல் இருக்கும் C இடங்கள் பதிந்த அளவுக்குத்தான் திரும்பும். C-யில் நின்று ஒரு மாற்றம் பண்ணி, அது ராத்திரி முழுக்க வேண்டும் என்று தோன்றினால் அந்த நிலையிலேயே `Register settings` போய் அதே C1-இல் மறுபடி பதிந்துவிட வேண்டும். கொடை நாளில் தானாக அணையும் நேரத்தைக் கூட்டி வைப்பதும் நல்லது, பேட்டரி இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். C-யில் பதிவது என்பது அந்த நேரத்தில் கேமராவில் இருந்த நிலையை நகல் எடுத்து வைப்பது. பிறகு M-இல் எதை மாற்றினாலும் அந்த நகலுக்குப் போய்ச் சேராது. சாயங்காலம் M-இல் படத்தின் தரத்தை ராவும் ஜேபெக்கும் என்று மாற்றியிருப்போம். C2-இல் வெறும் ரா மட்டுமே கிடக்கும். விடியற்காலை வாட்ஸ்அப்புக்குப் படம் தேடும்போதுதான் தெரியவரும். எனவே பொதுவாக எல்லாவற்றுக்கும் வேண்டியதை முதலில் M-இல் முடித்துவிட்டு, கடைசியில்தான் மூன்று இடங்களையும் பதிய வேண்டும்.

இனி பொத்தான்கள். டயலைத் திருப்பக்கூட நேரம் இல்லாத இடம் ஒன்று உண்டு. மேடையைப் படம் எடுத்துக்கொண்டு இருக்கிறேன், M-இல் 1/100 ஓடுகிறது. பக்கத்திலேயே ஒருவருக்கு அருள் வந்துவிடுகிறது. வலது கையை எடுத்து டயலைத் தொட்டுத் திரும்ப ஷட்டருக்கு வருவதற்குள் அந்த முதல் துள்ளல் போய்விடும். இதற்கு `Customize buttons` மெனுவில், நட்சத்திரக் குறி போட்ட பொத்தானுக்கு `Register/recall shooting func` என்பதைக் கொடுத்திருக்கிறேன். அதைக் கொடுக்கும்போதே INFO பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். எதெல்லாம் மாற வேண்டுமோ அதற்கு மட்டும் டிக் போட வேண்டும். நான் ஷட்டர் 1/400, ஐஎஸ்ஓ ஆட்டோ, ஃபோகஸ் `SERVO`, தொடர் படம் இவற்றுக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறேன். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை இந்த அளவுகள். விட்டதும் மறுபடி 1/100, மேடை.

இது C1-க்கு மாற்று இல்லை. பட்டியலில் வராதவை, உதாரணமாக `Anti-flicker shoot.`, இதில் M-இல் இருந்தபடியே இருக்கும். ஒன்றிரண்டு படத்தில் பட்டை விழலாம். கட்டைவிரலை அரை மணி நேரம் அழுத்திப் பிடிக்கவும் முடியாது. அந்த முதல் இரண்டு மூன்று நொடிக்கு நட்சத்திரப் பொத்தான். ஆட்டம் நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் டயலைத் திருப்பி C1. இந்த இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டதுதான் எனக்குக் கொடைகளில் அதிகம் உதவியது.

இன்னொரு பொத்தான் `AF-ON`. கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் அருமையான வசதி. ஆனால் கொடையில் அதை எப்போதும் ஓட விட முடியாது. சாமியாடுகிறவர் கண்ணை மூடி, தலைமுடி முகத்தில் விழுந்து, குனிந்து ஆடுவார். அவருக்குப் பின்னால் நூறு பேர் கண்ணைத் திறந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேமரா யாரைப் பிடிக்கும்? பின்னால் நிற்கும் சின்னப் பையனைத்தான். அதனால் ஷட்டரைப் பாதி அழுத்தினால் நான் காட்டும் இடத்திலேயே ஃபோகஸ். `AF-ON` அழுத்தினால் மட்டும் `Eye Detection AF`. பாடுகிறவர் முகம் தனியாக இருக்கும்போதும், வேட்டைக்குக் கிளம்பும் சாமி இருட்டுக்கு முன்னால் தனியாக வரும்போதும் `AF-ON`. கூட்டத்துக்கு நடுவே ஷட்டர். வ்யூ ஃபைண்டரில் ஃபோகஸ் கட்டம் ஆடுகிறவரை விட்டுப் பின்னால் தாவுவதைப் பார்த்தால் உடனே கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும்.

இந்த இரண்டு பொத்தான்களின் வேலையையும் M, C1, C2, C3 எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்கிறேன். சாமியாட்டத்தில் ஒரு வேலை, பந்தத்தில் வேறு வேலை என்று வைத்தால் இருட்டில் விரல் குழம்பும்.

இதையெல்லாம் கொடைக்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல நேரம் உண்டு. சாயங்காலம் லைட்டுக்காரர் ஜெனரேட்டரை ஓட்டிச் சரி பார்ப்பார். அப்போதே கோயில் சுவர் முன்னால் நின்று M-இல் 1/100 வைத்து விடாமல் பத்துப் படம் எடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இதற்கு வசதி. பட்டை இருந்தால் மறையாமல் தெரியும். பத்தும் ஒரே நிறமாக இருந்தால் சரி. ஒன்றிரண்டில் கீழ்ப்பாதி பழுப்பாக இருந்தால் 1/50 போட்டு இன்னொரு பத்து. பிறகு C1-க்குத் திருப்பி அதே சுவரில் பத்து. C1-இல் பட்டை தொடர்ந்து வந்தால் அந்த லைட்டின் துடிப்பு 100 ஹெர்ட்ஸ் இல்லை என்று அர்த்தம். எந்த லைட் என்று பார்த்து அதன் பக்கம் நிற்காமல் ட்யூப் லைட் பக்கம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். லைட்டுக்காரரிடம், “அண்ணாச்சி, இந்த ஒரு லைட்ட மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் போடுங்க” என்று அந்த நேரத்தில் கேட்டால் மறுக்க மாட்டார். சாமி வந்த பிறகு கேட்க முடியாது.

பந்தத்துக்குத்தான் முன்கூட்டிச் சோதிக்க வழியில்லை. கொடைக்கு முந்தின நாள் குடியழைப்பு ராத்திரியில் பந்தம் பிடித்தால் அப்போது C2-ஐ ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஐஎஸ்ஓவை ஏற்றியோ இறக்கியோ மறுபடி பதிந்துகொள்கிறேன்.

நிக்கான் இசட்6 II வைத்திருப்பவர்களுக்கு இதே இடங்கள் U1, U2, U3 என்று டயலில் இருக்கும், பதிய `Save user settings`. சோனி ஏ7 IV-இல் டயலில் 1, 2, 3, மெனுவில் `Camera Set. Memory`. அழுத்திப் பிடித்தால் மாறும் வசதி சோனியில் `Recall Custom hold` என்ற பெயரில் இருக்கிறது. பெயர்தான் வேறு, எதை எங்கே வைப்பது என்ற கணக்கு இதேதான்.

கடைசியாக வாடகைக் கேமரா. கொடைச் சீசனில் இரண்டாவது கேமராவை வாடகைக்கு எடுப்பது சகஜம். அதே மாடலாகக் கிடைத்தால், நம் கேமராவில் `Save/load cam settings on card` போய் எல்லாவற்றையும் கார்டில் எழுதிக்கொண்டு, அந்தக் கார்டை வாடகைக் கேமராவில் போட்டு ஏற்றிவிடலாம். இரண்டு கேமராவிலும் பொத்தான்கள் ஒரே மாதிரி வேலை செய்யும். ஏற்றிய பிறகு C1, C2, C3 மூன்றுக்கும் டயலைத் திருப்பி, ஷட்டரும் ஐஎஸ்ஓவும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது `Clear settings` போட்டுக் கொடுங்கள். அடுத்து எடுத்துப் போகிறவர் கல்யாணத்துக்குப் போகலாம், C2-இல் 2800 கெல்வின் இருந்தால் மணப்பெண் புடவை நிறம் பாழாகிவிடும்.